அடுத்து உட்காரப்போவது யார்? சிறுகதையில் அப்பாவின் மேசை

படிப்பறையைப் புதுப்பிக்கும் மகன், இறந்துபோன அப்பாவின் மேசையை மட்டும் வெளியேற்ற முடியாமல் தவிக்கிறான். கேட்டதும் எழுதத் தோன்றும் கரு இது. எழுதினால் பெரும்பாலும் நழுவிவிடும் கருவும் இதுவே. இழுப்பறையைத் திறந்தால் ஒரு கடிதம், கடிதத்தில் ஒரு ரகசியம், கடைசியில் கண்ணீர் என்று கதை போய்விடுகிறது. மேசை இருந்த இடத்தில் கைக்கடிகாரத்தையோ குடையையோ வைத்துப் பார்த்தால் பழுது தெரிந்துவிடும். கதையில் எதுவும் மாறவில்லை என்றால் அந்த மேசைக்கு அங்கே வேலையே இல்லை.

மரச்சாமானுக்குக் கதையில் வேலை கொடுப்பது எப்படி என்பதற்குத் தமிழில் முதன்மையான சான்று கி. ராஜநாராயணனின் ‘நாற்காலி’. வீட்டுக்கு வந்த பெரிய மனிதர் முக்காலியிலிருந்து உருண்டு விழுந்த பிறகு, நமக்கும் ஒரு நாற்காலி வேண்டும் என்று குடும்பம் முடிவு செய்கிறது. எந்த மரத்தில் செய்வது என்று பெரிய விவாதமே நடக்கிறது. கடைசியில் இரண்டு நாற்காலிகள் வருகின்றன. ஒன்று மாமா வீட்டுக்குப் போகிறது. பிறகு ஊரில் ஒரு சாவு. பிணத்தை உட்கார வைக்க நாற்காலியை இரவல் வாங்கிப் போகிறார்கள். திரும்பி வந்ததைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் யாருக்கும் அதில் உட்காரத் துணிவில்லை. அடுத்த சாவுக்குக் கேட்டு வருகிறவர்களை மாமா வீட்டுப் பக்கம் திருப்பிவிடுகிறார்கள். மாமாவோ தன் நாற்காலியை அந்தக் காரியத்துக்கென்றே ஒதுக்கிவிடுகிறார். பெஞ்சோ கட்டிலோ இருந்தால் இந்தக் கதை நடக்காது. சாய்மானமும் கையும் உள்ள இருக்கையில்தான் பிணத்தை உட்கார வைக்க முடியும். நாற்காலி அப்படியே இருக்கிறது. அதில் உட்காருகிறவர் மாறும்போது அதன் பொருளும் மாறுகிறது.

காஃப்காவின் ‘உருமாற்றம்’ (1915) கதையில் மேசை வெளியேறுகிறது. பூச்சியாகிவிட்ட கிரிகோர் ஊர்ந்து திரிய வசதியாக அறையைக் காலி செய்யலாம் என்கிறாள் தங்கை. காலி செய்தால், அவன் குணமாக மாட்டான் என்று நாமே ஒப்புக்கொண்டது போல ஆகாதா என்று தயங்குகிறாள் தாய். பள்ளிக்கூட நாளிலிருந்து அவன் எழுதிப் படித்த மேசை அது. தரையில் பதிந்தே போயிருக்கிறது. மரத்தின் கனமும் தாயின் தயக்கமும் அந்தக் காட்சியில் ஒன்றாகவே நகர்கின்றன.

ஜான் சீவரின் ‘தி லோபாய்’ இன்னும் நெருங்கி வருகிறது. குடும்பச் சொத்தான ஓர் இழுப்பறை மேசையை அடம்பிடித்து வாங்கிப்போகும் சகோதரன், பழைய வீட்டில் இருந்தபடியே விரிப்பும் வெள்ளிக் கூஜாவுமாக அதை அலங்கரித்து வைக்கிறான். மேசையோடு பழைய குடும்பச் சண்டைகளும் அவன் வீட்டில் குடியேறுகின்றன. அதைப் பார்த்துவிட்டு வரும் கதைசொல்லி தன் வீட்டிலுள்ள பரம்பரைப் பொருள்களை உடைத்து எறிகிறான். பொருளோடு அதன் பழைய ஏற்பாட்டையும் சேர்த்துக் காப்பாற்ற முனைவதில்தான் ஆபத்து என்கிறது கதை.

இந்தக் கருவை ஒட்டன்சத்திரத்தில் வைத்து யோசிக்கலாம். பழனி மலையடிவாரத்தில் முருங்கையும் கத்தரியும் தக்காளியும் வந்து குவிந்து, கேரளத்துக்கு லாரி ஏறும் ஊர். அப்பா கமிஷன் மண்டி நடத்தியவர் என்று கொள்வோம். மண்டியில் மேசை நடுவில் கிடக்கும். உள்பக்கம் முதலாளி, வெளிப்பக்கம் சம்சாரி. விற்ற தொகையில் கமிஷன், இறக்குக்கூலி, வண்டி வாடகை, முன்பணம் எல்லாம் கழிந்து மிச்சம் எவ்வளவு என்று தெரியும்வரை சம்சாரி நின்றுகொண்டிருப்பார். ஆக, விளிம்பு இரண்டு பக்கமும் தேய்ந்திருக்கும்: உள்ளே அப்பாவின் முழங்கை, வெளியே காத்திருந்தவர்களின் கை.

மண்டியை விட்ட பிறகு மேசை வீட்டுக்கு வந்தது. இப்போது மகன் அறையைப் புதுப்பிக்கிறான். ஆசாரி சுவர் நீளத்துக்குப் பலகை அடித்து, கணினிக்கும் புத்தகத்துக்கும் இடம் செய்கிறார். அப்பாவின் மேசையையும் சுவரோடு ஒட்டிப் போட்டால் எல்லாம் அடங்கிவிடும். ஆனால் ஒட்டிப் போட்ட கணமே வெளிப்பக்கம் மறைந்துவிடுகிறது. எதிரில் யாரும் நிற்க முடியாத மேசையாகிவிடுகிறது. நடுவில் போட்டாலோ அறையில் நடக்க வழியில்லை. இட நெருக்கடியும் மன நெருக்கடியும் இங்கே ஒன்றுதான்.

மகனுக்குத் தெரிந்தது உள்பக்கம் மட்டுமே, அப்பாவின் மடியிலிருந்து பார்த்த பக்கம். வீட்டுக்கு வரும் பழைய சம்சாரி ஒருவர் அந்த மேசையைக் கண்டதும் உட்காராமல் நின்றபடியே பேசினால் போதும். ரகசியக் கடிதம் தேவைப்படாது. தான் விட முடியாமல் பிடித்துக்கொண்டிருப்பது அப்பாவையா, அப்பா உட்கார்ந்திருந்த பக்கத்தையா என்று மகன் யோசித்தாக வேண்டும். மேசையை வைத்துக்கொண்டானா விற்றானா என்பதோடு முடியும் கதை பாதிக் கதைதான். எந்தப் பக்கம் நாற்காலியைப் போடுகிறான், அதில் யாரை உட்காரச் சொல்கிறான் என்பதில்தான் அது முழுக் கதையாகும்.