ரூ.14.4 லட்சம் எங்கிருந்து வந்தது?

மூலதன அமைப்புக் கோட்பாடுகள் பற்றிய தேர்வுக் கணக்குகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. ஒரு நிறுவனத்துக்கு ஆண்டுதோறும் வட்டிக்கு முந்தைய வருமானம் 10 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பங்குதாரர்கள் எதிர்பார்க்கும் வருவாய் 12.5 சதவீதம். கடன் 8 சதவீத வட்டியில் கிடைக்கிறது. வரி இல்லை. கடனே வாங்காத நிலையில் 10 லட்சத்தை 0.125ஆல் வகுத்தால் நிறுவனத்தின் மதிப்பு 80 லட்சம்.

இப்போது நிறுவனம் 40 லட்சம் கடன் வாங்கி, அந்தப் பணத்தைக் கொண்டு தன் பங்குகளில் ஒரு பகுதியைத் திரும்ப வாங்கிவிடுகிறது. தொழிலில் ஒரு துரும்பும் நகரவில்லை. நிகர வருமான அணுகுமுறையின்படி கணக்கு இப்படிப் போகும்: வட்டி 3.2 லட்சம், பங்குதாரருக்கு மிஞ்சுவது 6.8 லட்சம், அதை அதே 0.125ஆல் வகுத்தால் பங்குகளின் மதிப்பு 54.4 லட்சம். கடன் 40 லட்சத்தைச் சேர்த்தால் மொத்தம் 94.4 லட்சம். ஒட்டுமொத்த மூலதனச் செலவு 12.5 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ 10.6 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது.

மாணவர் விடையை எழுதி அடிக்கோடிட்டுவிடுவார். ஆனால் கூடுதலாக வந்த 14.4 லட்சம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால்தான் கோட்பாடே தொடங்குகிறது. எந்திரம் புதிதாக வரவில்லை, விற்பனை கூடவில்லை, வரியும் மிச்சமாகவில்லை. 12.5 சதவீதம் கேட்கும் பணத்தின் இடத்தில் 8 சதவீதத்தோடு நிறைவடையும் பணம் வந்திருக்கிறது. எஞ்சிய பங்குதாரர்களோ முன்பு கேட்ட அதே 12.5 சதவீதத்தையே கேட்கிறார்கள். இந்த இரண்டாவது செய்திதான் முழு வித்தையும். கடன் பெறும் ஒவ்வொரு ரூபாய்க்கும் 36 பைசா மதிப்பு கூடுகிறது என்றால், அது பங்குதாரர் எதையும் கவனிக்கவில்லை என்ற அனுமானத்திலிருந்து பிறக்கும் 36 பைசா.

நிகர வருமான முறை, நிகர செயல்பாட்டு வருமான முறை என்ற இரட்டைப் பெயர்களைப் பாடப்புத்தகங்களுக்குத் தந்தவர் டேவிட் டியூராண்ட், ஆண்டு 1952. முதல் முறை முட்டாள்தனமானதல்ல. பங்கு ஒன்றுக்குரிய வருமானத்தைப் பார்த்து, வழக்கமான ஒரு பெருக்கத்தால் விலை போடும் பழக்கம் சந்தையில் இன்றும் உண்டு. மிதமான கடன் உள்ள நிறுவனத்தில் பங்குதாரர்கள் உடனே பதறிக் கூடுதல் வருவாய் கேட்பதில்லை என்பதும் பொய்யல்ல. கடன் சிறிதாக இருக்கும் வரை இந்த அணுகுமுறை உண்மைக்கு அருகிலேயே நிற்கிறது. கோளாறு, அதைக் கடைசிவரை இழுக்கும்போது தெரிகிறது.

இழுத்துப் பார்ப்போம். கடனை 125 லட்சமாக்கினால் வட்டி மட்டுமே 10 லட்சம். பங்குதாரருக்கு மிஞ்சுவது பூஜ்யம். நிறுவனத்தின் மதிப்பு 125 லட்சம், மூலதனச் செலவு 8 சதவீதம். இதுதான் நிகர வருமான அணுகுமுறை சிபாரிசு செய்யும் 'உகந்த' அமைப்பு. ஆனால் இந்த இடத்தில் நிறுவனத்தின் முழு வருமானமும் கடன்காரர்களுக்கே போகிறது. நல்ல ஆண்டு, கெட்ட ஆண்டு இரண்டின் ஏற்றத்தாழ்வையும் அவர்களே சுமக்கிறார்கள். முன்பு பங்குதாரர்கள் இதே வருமானத்துக்கு, இதே இடருக்கு 80 லட்சம்தான் கொடுத்தார்கள். கையிலுள்ள தாளின் தலைப்பில் 'பங்கு' என்பதற்குப் பதில் 'கடன் பத்திரம்' என்று அச்சிட்டதும் அதற்கு 125 லட்சம் கொடுக்க ஆள் வருவாரா?

நடுவிலும் இதே ஓட்டைதான். வருமானம் 10 லட்சத்திலிருந்து 6 லட்சமாகச் சரிகிறது என்று வையுங்கள். கடனில்லாத நிறுவனத்தின் பங்குதாரருக்கு 40 சதவீத இழப்பு. 40 லட்சம் கடனுள்ள நிறுவனத்திலோ 6.8 லட்சம் 2.8 லட்சமாகிறது; அது கிட்டத்தட்ட 59 சதவீத இழப்பு. இரண்டு பேரும் ஒரே 12.5 சதவீதம் கேட்பார்கள் என்பதை நம்ப முடியவில்லை.

பிராங்கோ மொடிக்லியானியும் மெர்ட்டன் மில்லரும் 1958இல் எழுதிய கட்டுரை இந்த அவநம்பிக்கையை நிரூபணமாக மாற்றியது. நிகர செயல்பாட்டு வருமான முறை 'மொத்த மதிப்பு மாறாது' என்று அறிவிப்பதோடு நின்றது. இவர்கள் ஏன் மாறாது என்பதை ஆர்பிட்ரேஜ் வழியாகக் காட்டினார்கள். இந்த வேறுபாட்டை எழுதாமல் இரண்டையும் ஒன்றாக்கிவிடும் விடைகள் ஏராளம். முடிவு ஒன்றே என்பதால் வாதமும் ஒன்றாகிவிடாது.

அந்த வாதத்தை நம் எண்களில் பார்க்கலாம். கடனுள்ள நிறுவனத்தின் 10 சதவீதப் பங்குகள் ஒருவரிடம் இருக்கின்றன. மதிப்பு 5.44 லட்சம், ஆண்டு வருமானம் 68,000 ரூபாய். அவர் அவற்றை விற்கிறார். தன் பெயரில் 4 லட்சம், அதாவது நிறுவனக் கடனில் தன் பங்கான 10 சதவீதத்தை, 8 சதவீத வட்டியில் கடன் வாங்குகிறார். கையில் இப்போது 9.44 லட்சம். அதில் 8 லட்சத்துக்கு, அதே வருமானமும் அதே இடரும் உள்ள கடனில்லாத நிறுவனத்தின் 10 சதவீதப் பங்குகளை வாங்கினால், வருமானம் 1 லட்சம், வட்டி 32,000 போக நிகரம் 68,000. அதே வருமானம் வருகிறது, பையில் 1.44 லட்சம் மிச்சமும் இருக்கிறது. வருமானம் 6 லட்சமாகச் சரிந்த ஆண்டிலும் இரண்டு வழியிலும் அவருக்குக் கிடைப்பது 28,000 என்பதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். எல்லா ஆண்டிலும் ஒரே பலன் தரும் இரண்டு வழிகளில் ஒன்று மலிவாக இருந்தால், அனைவரும் அந்தப் பக்கம் ஓடுவார்கள். விற்க விற்க ஒரு பக்கம் விலை இறங்கும், வாங்க வாங்க மறுபக்கம் ஏறும். இரண்டு மொத்த மதிப்புகளும் சமமான பிறகே ஓட்டம் நிற்கும்.

மிச்சத்தையும் சேர்த்து 9.44 லட்சம் முழுவதையும் முதலீடு செய்து, வருமானம் 86,000 என்று காட்டும் புத்தகங்களும் உண்டு. அதுவும் சரியே. ஆனால் முதல் வழியில் ஆபத்து அணுவளவும் மாறவில்லை என்பது துலக்கமாகத் தெரிவதால் அதையே எழுதச் சொல்வேன்.

மதிப்பு 80 லட்சத்தில் நின்றால், 40 லட்சம் கடன் போகப் பங்கின் மதிப்பு 40 லட்சம். 6.8 லட்சத்தை அதனால் வகுத்தால் பங்கு மூலதனச் செலவு 17 சதவீதம். சூத்திரமும் அதையே தரும்:

Ke = Ko + (Ko − Kd) × D/S = 12.5 + (12.5 − 8) × 40/40 = 17

மலிவான கடனில் மிஞ்சியதெல்லாம் 12.5இலிருந்து 17க்கு ஏறிய பங்குச் செலவில் கரைந்துவிட்டது. தேர்வில் வழி தவறும் இடமும் இதுதான். நிகர வருமான முறையில் பங்கின் மதிப்பை முதலில் கண்டு மொத்தத்துக்குப் போகிறோம். மற்றதில் மொத்த மதிப்பை முதலில் கண்டு, கடனைக் கழித்துப் பங்குக்கு வருகிறோம். இரண்டாவது முறையில் 12.5 ஐப் பங்குச் செலவாக எடுத்து 6.8 லட்சத்தை வகுத்தவர், பெயரை மாற்றிவிட்டுப் பழைய முறையையே எழுதியிருக்கிறார்.

இனி ஆர்பிட்ரேஜ் வாதத்தின் பலவீனம். தனிமனிதருக்கு நிறுவனத்தின் வட்டியிலேயே கடன் கிடைக்கும் என்று அது கருதுகிறது. இந்தக் குறையை எல்லாப் புத்தகமும் ஒரு வரியில் சொல்லும். எவ்வளவு பாதிக்கும் என்று கணக்கிடுவதில்லை. அவருக்கு 10 சதவீதத்தில்தான் கடன் கிடைக்கிறது என்போம். 32,000 ரூபாய் வட்டிச் சுமையை உருவாக்க அவர் இப்போது 3.2 லட்சம் மட்டுமே கடன் வாங்க முடியும். எனவே அதே பலனைத் தானே உருவாக்க அவர் கையிலிருந்து போட வேண்டியது 8 லட்சத்தில் 3.2 போக 4.8 லட்சம். கடனுள்ள நிறுவனத்தின் 10 சதவீதப் பங்குக்கு அவர் 4.8 லட்சம் வரை கொடுக்கத் தயங்கமாட்டார். அப்படியானால் மொத்தப் பங்கு 48 லட்சம், நிறுவன மதிப்பு 88 லட்சம் வரை நிலைக்கும். தனிநபர் வட்டி 12.5 சதவீதம் என்றால் கடன் 2.56 லட்சம், மதிப்பு 94.4 லட்சம், அதாவது நிகர வருமான அணுகுமுறையின் விடையே அச்சாக வந்துவிடுகிறது.

ஆக, ஒரே வினாவுக்கு 80, 88, 94.4 என்ற மூன்று விடைகளும் ஒரே கோட்டில் கிடக்கின்றன. முதலீட்டாளர் எவ்வளவு மலிவாகக் கடன் வாங்க முடியும் என்பதே நாம் அந்தக் கோட்டில் எங்கே நிற்கிறோம் என்று சொல்கிறது. டியூராண்டும் இந்தத் திசையில்தான் யோசித்தார்: பல முதலீட்டாளர்களின் கைகள் விதிகளால் கட்டப்பட்டிருப்பதால், பாதுகாப்பான கடன் பத்திரங்களுக்குச் சந்தை கூடுதல் விலை தருகிறது என்றார். இந்தியாவில் மியூச்சுவல் ஃபண்டுகள், யூனிட்டுகளைத் திருப்பித் தருவோருக்குப் பணம் கொடுப்பது போன்ற தற்காலிகத் தேவைக்குத்தான் கடன் வாங்க முடியும். கடன் வாங்கிப் பங்கு சேர்க்க முடியாது. தன் பெயரில் கடன் வாங்கும் நெம்புகோல் அவர்கள் கையில் இல்லை.

இன்னொரு விரிசலும் உண்டு. நிறுவன வருமானம் 2 லட்சமாகிவிட்ட ஆண்டில், தன் பெயரில் கடன் வாங்கியவருக்குப் பங்கில் வருவது 20,000, கட்ட வேண்டியது 32,000. மீதி 12,000 அவர் சொந்தப் பையிலிருந்து போக வேண்டும். கடனுள்ள நிறுவனத்தின் பங்குதாரரை எந்த வங்கியும் தேடி வராது. வரையறுக்கப்பட்ட பொறுப்பு இருக்கும் வரை இரண்டும் ஒன்றல்ல.

வரியைப் பற்றிச் சுருக்கமாக. 1963இல் மொடிக்லியானியும் மில்லரும் தங்கள் கட்டுரையைத் தாங்களே திருத்தினார்கள்: வட்டிக்கு வரிவிலக்கு இருப்பதால் மதிப்பு, கடனை வரிவிகிதத்தால் பெருக்கிய அளவு கூடும். 25 சதவீத வரியில் நம் நிறுவனம் கடனின்றி 60 லட்சம், 40 லட்சம் கடனுடன் 70 லட்சம். இதைத் தர்க்கப்படி நீட்டினால் முழுக்க முழுக்கக் கடன் என்ற சிபாரிசு வரும். எதிரியின் ஊருக்கே வேறு பாதையில் போய்ச் சேர்ந்த கதை. ஆனாலும் ஒரு வேறுபாடு முக்கியம்: இங்கே கூடிய 10 லட்சத்துக்கு முகவரி இருக்கிறது, அது அரசுக்குப் போயிருக்க வேண்டிய பணம். நிகர வருமான முறையின் 14.4 லட்சத்துக்கு அப்படி ஒரு முகவரி இல்லை.

இவ்வளவு சண்டையிலும் இரு தரப்பும் கேள்வி கேட்காமல் ஒப்புக்கொண்டது அந்த 10 லட்சத்தை. கடன் எவ்வளவு ஏறினாலும் வட்டிக்கு முந்தைய வருமானம் அசையாது என்பது இருவருக்கும் பொது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் பறப்பதை நிறுத்தியபோது உடைந்தது இந்த அனுமானம்தான். கடன் தந்த வங்கிகள் அவசர நிதி தர மறுத்ததும் விமானங்கள் தரையில் நின்றன. விமான நிலைய நேர ஒதுக்கீடுகள் போட்டி நிறுவனங்களுக்குப் போயின, விமானிகளும் போனார்கள். கலைப்புக்கான உச்ச நீதிமன்ற உத்தரவு 2024 நவம்பரில் வந்தது. இங்கே கடன் தந்தவருக்கும் பங்குதாரருக்கும் பங்கு பிரிக்க வருமானமே எஞ்சவில்லை. 17 சதவீதமா 12.5 சதவீதமா என்ற வினா, பறந்துகொண்டிருக்கும் நிறுவனத்துக்கு மட்டுமே பொருந்தும்.