கலைத்துப் போட்டாலும் மாறாத எண்கள்: பீல் சங்கேதமும் கில்லோக்லியின் கட்டுரையும்

சில வருஷம் முன்னாடி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பத்து நிமிஷத்துக்கு நான் பெரும் பணக்காரன். பீல் சங்கேதத்தின் முதல் தாள் எனக்கு உடைந்துவிட்டது என்று நம்பினேன். அப்புறம்தான் ஜேம்ஸ் கில்லோக்லி 1980இல் கிரிப்டாலஜியா இதழில் எழுதிய கட்டுரை கையில் கிடைத்தது. என்னை ஏமாற்றியது எது, அவரை ஏமாற்றாதது எது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். அவர் முடிவோடு எனக்குக் கொஞ்சம் சண்டையும் உண்டு.

கதைச் சுருக்கம் இது. 1885இல் அமெரிக்காவின் விர்ஜீனியாவில் லின்ச்பர்க் என்ற ஊரில் ஒரு சிறு பிரசுரம் வந்தது. பீல் என்பவர் தங்கமும் வெள்ளியும் புதைத்து வைத்ததாகவும், மூன்று தாள்களில் வெறும் எண்களாக விவரம் எழுதி வைத்ததாகவும் அது சொன்னது. இரண்டாவது தாளின் சாவி அமெரிக்க சுதந்திரப் பிரகடனம். அதன் சொற்களுக்கு வரிசையாக எண் போட்டு, ஒவ்வொரு எண்ணுக்கும் அந்தச் சொல்லின் முதல் எழுத்தை எடுத்தால் என்ன புதைத்தார் என்பது வந்துவிடும். எங்கே புதைத்தார் என்பது முதல் தாளில் இருக்கிறதாம். அதில் 520 எண்கள். இன்றுவரை யாரும் படித்ததில்லை. ஆனாலும் அதை நம்பிப் பிறர் நிலத்தைத் தோண்டியவர்களுக்குக் குறைவில்லை.

நான் செய்தது எல்லோரும் செய்வதுதான். முதல் தாளுக்கும் அதே பிரகடனத்தைச் சாவியாகப் போட்டேன். இப்படி ஆரம்பித்தது:

```
SCS?ETFA?GCDOTTUCW...
```

படிக்க ஒன்றுமில்லை. ஆனால் என் ஸ்கிரிப்ட் இரண்டு மதிப்பெண் கொடுத்தது: எந்த எழுத்து எத்தனை தடவை, உயிரெழுத்து எத்தனை விழுக்காடு. இரண்டும், விசைப்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு தட்டியது மாதிரி இல்லை. `T` நிறைய, `A` நிறைய, உயிரெழுத்தும் போதுமான அளவு. உள்ளே ஆங்கிலம் இருக்கு, இன்னொரு அடுக்கை மட்டும் உரித்தால் போதும் என்று குதித்தேன்.

தப்பு எங்கே? பிரகடனத்தின் முதல் 58 சொற்களை எண்ணிப் பாருங்கள். 20 சொற்கள் உயிரெழுத்தில் தொடங்கும், 13 சொற்கள் `T`-இல் தொடங்கும். மூன்றில் ஒரு பங்கு உயிரெழுத்து என்பது, தொடர்ச்சியான ஆங்கில உரையில் வரும் நூற்றுக்கு 38 என்ற அளவுக்கு ரொம்ப தூரமில்லை. அப்படியானால், சீட்டுக் குலுக்கி எடுத்த எண்களைப் போட்டாலும் இதே மாதிரி ஒரு விகிதம்தான் வரும். நான் அளந்தது செய்தியை அல்ல, சாவியை. சாவி ஆங்கிலம் என்பதைத்தான் என் ஸ்கிரிப்ட் அவ்வளவு பெருமையாகக் கண்டுபிடித்துச் சொன்னது!

இன்னொரு குறையும் உண்டு. அந்த எழுத்துகளை ஒரு பையில் போட்டுக் குலுக்கி, வேறு வரிசையில் எடுத்து வையுங்கள். எழுத்து எண்ணிக்கையும் உயிரெழுத்து விகிதமும் இம்மியும் மாறாது. கலைத்தாலும் மாறாத ஓர் எண்ணால் வரிசையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. ஆனால் செய்தி என்பதே வரிசைதானே.

கில்லோக்லி பார்த்தது வரிசையை. தாளின் நடுவே இப்படி ஒரு துண்டு:

```
147 alter    436 bodies       195 for      320 direct
 37 equal    122 from         113 governments
  6 human    140 is             8 it       120 just
305 king      42 laws          58 mankind  461 measures
 44 nature   106 of           301 history   13 people
408 people

ABFDEFGHIIJKLMMNOHPP
```

சொற்களை நானே எண்ணிச் சரிபார்த்தேன். `self-evident` என்பதை இரண்டு சொல்லாக எண்ணினால்தான் கணக்கு ஒத்துவரும். அதை விட்டால் அதற்குப் பிந்தைய எல்லாமே ஒன்று தள்ளிப்போகும்.

ஆங்கில நெடுங்கணக்கு கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. இடறும் இடங்கள் இரண்டே. `C` வர வேண்டிய இடத்தில் `F` (195), `O` வர வேண்டிய இடத்தில் `H` (301). ஆனால் 194-ஆவது சொல் `changed`, 302-ஆவது சொல் `of`. பட்டியலைப் பார்த்து எழுதியவர் பக்கத்து எண்ணை எடுத்துவிட்டார் என்பது கில்லோக்லியின் விளக்கம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. "ஒன்று முன்னே பின்னே இருக்கலாம்" என்று நமக்கு நாமே சலுகை கொடுத்தால் எதையும் பொருத்திவிடலாம். அதனால் சலுகையே வேண்டாத நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வோம்: `DEFGHIIJKLMMNO`, 14 எழுத்து. இதே 14 எழுத்தை 14!/(2!·2!), அதாவது சுமார் 2,179 கோடி விதமாக அடுக்கலாம். அகரவரிசையில் வருவது ஒரே ஒரு விதம். 520 எண்ணில் 14 நீளத் துண்டு தொடங்க 507 இடம் இருக்கிறது. அதற்காக வகுத்தாலும் 4 கோடியில் ஒன்றுக்கும் குறைவு.

இந்த எண்ணையும் வேதவாக்காக எடுக்க வேண்டாம். இது இந்த எழுத்துகளுக்கு மட்டுமான கணக்கு. `AAOOTTTT` மாதிரி ஒரு துண்டும் "அகரவரிசை" கணக்கில் சேரும், அது இதைவிடச் சுலபமாக வரும். ஆனால் நம் துண்டு சும்மா ஏறுவரிசை அல்ல. `D` முதல் `O` வரை ஒரு எழுத்தைக்கூடத் தாண்டவில்லை. பிரகடனத்தின் முதல் 461 சொற்களில் `J`-இல் தொடங்குவது `just` ஒன்றுதான், `K`-இல் தொடங்குவது `king` ஒன்றுதான். இரண்டும் சரியான இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கின்றன. இதைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

சரி, இதிலிருந்து என்ன முடிவு? கில்லோக்லி இது புரளி என்கிறார். எண்களை இஷ்டத்துக்கு எழுதிக்கொண்டே போனவர் அலுத்துப்போய், பிரகடனத்தை முன்னால் வைத்துக்கொண்டு ஏ, பி, சி என்று சொல் தேடி எழுதிவிட்டார் என்று வாதிடுகிறார்.

இங்கேதான் அவரோடு என் சண்டை. புள்ளியியல் உறுதியாகச் சொல்வது ஒன்றே ஒன்று: இந்த 20 எண்களை எழுதியவர் கையில் எண்ணிட்ட பிரகடனம் இருந்தது. 520-இல் 20 என்பது நூற்றுக்கு நாலுகூட இல்லை. தாளில் 2,906 வரை எண்கள் வருகின்றன. பிரகடனத்தில் இருப்பதோ 1,300 சொல் வாக்கில்தான். ஆக, சில எண்களாவது வேறு எங்கிருந்தோ வந்தவை. மீதி 500-இல் செய்தி இல்லை என்பதை இந்தத் துண்டு நிரூபிக்கவில்லை. "தற்செயல் இல்லை" என்பதிலிருந்து "புரளி" என்பதற்குப் போகும் தாவல் கணக்கு அல்ல. மனுஷ சுபாவத்தைப் பற்றிய ஊகம்.

நல்ல ஊகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நிஜமான செய்தி எழுதுகிறவன் நடுவில் நிறுத்தி, இதே சாவியில் நெடுங்கணக்கை எழுத வேண்டிய காரணம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. யாராவது பந்தயம் கட்டச் சொன்னால் புரளி பக்கம்தான் கட்டுவேன். ஆனால் கட்டுரை அதைக் கணக்கின் முடிவாக வைக்காமல் பந்தயமாகவே வைத்திருக்கலாம்.

என் ஸ்கிரிப்டில் இப்போது ஒரு வரி கூடியிருக்கிறது. எந்த மதிப்பெண் வந்தாலும், எழுத்துகளைக் கலைத்துவிட்டு அதே மதிப்பெண்ணை மறுபடி எடுக்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால் திரையில் எதையும் காட்டாது. அந்த ஞாயிற்றுக்கிழமையே இதைச் செய்திருந்தால் பத்து நிமிஷப் பணக்காரன் ஆகியிருக்க மாட்டேன்.