திறந்தவர்களும் படித்தவர்களும்

இரண்டு வரிகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இரண்டையும் எழுதியது நானேதான். இரண்டும் ஒரே சிறுகதைக்கானவை, ஒரே நாளில், ஒரே நொடியில் நாற்பதாயிரம் போன்களுக்குப் போனவை.

முதல் வரி: ‘உங்களுக்காக இந்த வாரம் புதிய சிறுகதை ஒன்று வெளியாகியிருக்கிறது: கிணற்றடி.’

இரண்டாவது: ‘அம்மா ஏன் அந்தக் கதவைத் திறக்கவே இல்லை?’

கதை வாசிக்கிற ஆப் ஒன்றில் அப்போது வேலை பார்த்தேன். நோட்டிஃபிகேஷன் வரிகளை எழுதுவது என் பொறுப்பு. எந்த வரியை மக்கள் திறக்கிறார்கள் என்று சோதித்துப் பார்ப்பதற்கு ஏ/பி டெஸ்ட் என்று பெயர். கேட்க எளிதாக இருக்கும். முதல் தடவை நான் செய்தது என்னவென்றால், ஒரு வரியைச் செவ்வாய் காலையிலும் இன்னொன்றைப் புதன் இரவிலும் அனுப்பினேன். எங்கள் டேட்டா அக்கா சிரித்தார். “நீ வரியையா சோதிச்ச? ராத்திரியத்தான்டா சோதிச்சிருக்க.” சாப்பிட்டு முடித்துப் படுக்கையில் போனோடு கிடப்பவனுக்கு எந்த வரியும் நல்ல வரிதான். வாசகர்களைச் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல இரண்டாகப் பிரித்து, ஒரே நேரத்தில் அனுப்பினால்தான் மிஞ்சுகிற வித்தியாசம் வரியினுடையது.

அப்படிப் பிரித்து அனுப்பியதுதான் ‘கிணற்றடி.’ ஆளுக்கு இருபதாயிரம் பேர். முதல் வரியைத் தட்டித் திறந்தவர்கள் 620. இரண்டாவதை 760.

இந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்கு. இது தெரிந்தால் பல பெருமைப் பேச்சுகளிலிருந்து தப்பிக்கலாம். இரண்டு எண்ணிக்கைகளையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால், சும்மா அதிர்ஷ்டத்தாலேயே எவ்வளவு ஏற்ற இறக்கம் வரும் என்பது தோராயமாகக் கிடைக்கும். 1380-இன் வர்க்கமூலம் சுமார் 37. எங்கள் வித்தியாசம் 140, அதாவது கிட்டத்தட்ட நான்கு மடங்கு. இரண்டு மடங்கைத் தாண்டினாலே நம்பலாம் என்பது வழக்கம், ஆக இது தற்செயல் இல்லை. ஆனால் இதே சோதனையை ஆளுக்கு ஆயிரம் பேரிடம் செய்து, அதே விகிதத்தில் 31 பேரும் 38 பேரும் திறந்திருந்தால்? வித்தியாசம் 7, தற்செயலின் ஆட்டம் 8. ஒன்றும் தெரியவில்லை என்றுதான் அர்த்தம். சின்னப் பட்டியலை வைத்துக்கொண்டு “இந்த வரிதான் ஒர்க் ஆகுது” என்று சொல்பவர் நாணயம் சுண்டிப் பார்த்தவர்தான்.

சரி, ‘அம்மா ஏன்’ ஜெயித்தது. மேனேஜருக்கு மகிழ்ச்சி. இனி எல்லா வரியும் கேள்வியாக இருக்கட்டும் என்றார். எனக்கு ஏனோ உறுத்தியது. அந்தக் கதையில் கதவு ஒரே ஒரு வரியில் வருகிறது. கதை, இருபது வருஷம் கழித்து ஊருக்கு வரும் ஒரு அக்காவையும் தூர்ந்துபோன ஒரு கிணற்றையும் பற்றியது. கதவை ஏன் திறக்கவில்லை என்று கதை எங்கேயும் சொல்வதில்லை, சொல்ல வேண்டிய தேவையும் அதற்கு இல்லை. கேள்வியைக் கதையிலிருந்து எடுத்தேன், ஆனால் அது கதையின் கேள்வி இல்லை.

டீக்கடை வாசலில் தொங்கும் மாலைப் பத்திரிகை வால்போஸ்டரை நினைத்துப் பாருங்கள். ‘பிரபல நடிகர் திடீர்’ என்று பெரிய எழுத்தில் இருக்கும். என்ன திடீர் என்பது உள்ளே. காசு கொடுத்தவன் ஏமாந்தானா என்று அந்த போஸ்டருக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரிந்துகொள்ள வழி இருந்தது, நாங்கள்தான் பார்க்கவில்லை.

அக்காவிடம் இரண்டு எண்கள் கேட்டேன். முதலாவது, நோட்டிஃபிகேஷனைத் தட்டியோ, பிறகு தானாகவே ஆப்புக்குள் வந்தோ, எந்த வழியிலாவது ஒரு நாளுக்குள் அந்தக் கதையைத் திறந்தவர்கள் எத்தனை பேர்? முதல் குழுவில் 905, இரண்டாவதில் 940. வித்தியாசம் 35, தற்செயலின் ஆட்டம் 43. வெற்றி காணாமல் போய்விட்டது! யோசித்தால் நியாயம்தான். முதல் வரி தகவலைச் சொல்லிவிட்டது. பஸ்ஸில் பார்த்தவர் தள்ளிவிட்டு, இரவு வீட்டில் ஆப் ஐகானைத் தொட்டுக் கதைக்கு வந்திருக்கிறார். ‘திறந்தவர்’ கணக்கில் அவர் வரமாட்டார். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிடும் வரிக்கு இந்த அளவுகோல் தண்டனை கொடுக்கிறது, பாதியில் நிறுத்தும் வரிக்குப் பரிசு கொடுக்கிறது.

இரண்டாவது எண், கதையைக் கடைசிவரை படித்தவர்கள். முதல் குழுவில் 412, இரண்டாவதில் 297. வித்தியாசம் 115, ஆட்டம் 27. இந்த எண்ணை நான் திறந்தவர்களோடு ஒப்பிடாமல், அனுப்பிய இருபதாயிரத்தோடுதான் ஒப்பிடுகிறேன். காரணம், குலுக்கிப் பிரித்தது அந்த இருபதாயிரத்தைத்தான். வரியைப் பார்த்துத் திறந்து வந்தவர்களை அந்த வரியே பொறுக்கியெடுத்திருக்கிறது, அவர்கள் இரண்டு வெவ்வேறு கூட்டம். மர்மக் கதை தேடி வந்த கூட்டம் மூன்றாவது பத்தியில் கிணற்றைப் பார்த்ததும் திரும்பிப் போயிருக்கிறது. கதை எழுதியவர் பக்கத்தில் பதிந்தது ‘பாதியில் விட்டவர்கள்’ எண்ணிக்கை. குற்றம் என்னுடையது, மதிப்பெண் குறைந்தது அவருக்கு.

ஆனால் முதல் வரியைத் தூக்கிப் பிடிக்கவும் என்னால் முடியாது. பூட்டிய திரையில் அது எப்படித் தெரிந்தது என்று என் போனில் பார்த்தேன்: ‘உங்களுக்காக இந்த வாரம் புதிய சிறுகதை ஒன்று…’ அவ்வளவுதான். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருகிறது, எழுத்துகளும் அகலமாக உட்காருகின்றன. திரை வெட்டும்போது வாக்கியத்தின் உயிர்தான் முதலில் போகிறது. நான் கதைப் பெயரை வேறு வாலில் கட்டியிருந்தேன். ஆகவே சோதனை கேள்விக்கும் தகவலுக்கும் நடுவே நடக்கவே இல்லை. முழு வாக்கியத்துக்கும் வெட்டுப்பட்ட வாக்கியத்துக்கும் நடுவே நடந்தது. எழுதியதைச் சோதிக்கவில்லை, வாசகன் பார்த்ததைத்தான் சோதித்திருக்கிறோம்.

அடுத்த வாரக் கதைக்கு இரண்டு வரிகளையும் ஒரே நீளத்தில், வெட்டுப்படாமல் எழுதினேன். ஒன்று கொக்கி போடும் கேள்வி. இன்னொன்றில் கதைப் பெயர் முதலில், அடுத்து கதை யாரைப் பற்றியது என்று நாலு சொல். தட்டித் திறந்தவர்கள்: கேள்விக்கு 756, நேர் வரிக்கு 742. வித்தியாசம் 14, ஆட்டம் 39. எது மேல் என்று சொல்ல முடியாது. கடைசிவரை படித்தவர்கள்: கேள்விக்கு 251, நேர் வரிக்கு 402. இதைச் சொல்ல முடியும்.

மேனேஜர் இரண்டாவது எண்ணை வெகுநேரம் பார்த்தார். “அறிக்கையில ஓப்பன் ரேட்டுக்குத்தானே கட்டம் இருக்கு,” என்றார். ஒரு கட்டம் கூடுதலாகச் சேர்த்தோம். நான் அங்கிருந்து விலகும்வரை அது இருந்தது.

இதை ஒரு விமர்சனமாக ஏன் எழுதுகிறேன்? ஒரு நாளில் நாம் அதிகம் வாசிக்கும் தமிழ் வாக்கியங்களில் இவையும் சேர்ந்துவிட்டன. ‘ஏன்?’, ‘என்ன நடந்தது?’, ‘நீங்கள் பார்த்தீர்களா?’ என்று எல்லாம் ஒரே குரலில் பேசுவதை ரசனைக் குறைவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கட்டம் மட்டுமே இருக்கும் அறிக்கை இப்படித்தான் எழுத வைக்கும். என் அந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் கிடையாது. அம்மா ஏன் கதவைத் திறக்கவில்லை என்று கதை எழுதியவருக்கே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத் திறந்து பார்த்த 760 பேரிடம்தான் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும்.