இரண்டரை மணிக்கு ஒரு படம்

திருப்பூரிலிருந்து லீட்ஸுக்குப் படிக்கப் போன அக்கா மகள் கேட்டாள்: "மாமா, மனசு சரியில்லீங்க. ஒரு படம் சொல்லுங்க." நான் யோசிக்காமல் 'மெய்யழகன்' என்றேன். ஊர்ப்பாசத்தைப் பற்றி இவ்வளவு நிதானமாக எடுத்த படம் சமீபத்தில் வேறில்லையே!

மறுநாள் பதில் வந்தது. "படம் நல்லாத்தானுங்க இருந்துச்சு. அழுதழுது தலவலியே வந்துருச்சு."

தப்பு என்னுடையதுதான். பிரேம்குமாரின் 2024 படத்தில் அருள்மொழி 1996-ல் தஞ்சாவூர் வீட்டை இழந்துவிட்டுப் போகிறான். இருபத்திரண்டு வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்காகத் திரும்பி வருகிறான். அவன் விட்டுப்போன சைக்கிளைக்கூட ஒருவன் நன்றியோடு நினைத்துக்கொண்டிருக்கிறான். இதில் ஆறுதல் இருக்கிறது, ஆனால் அது திரும்பி வந்தவனுக்குக் கிடைக்கிற ஆறுதல். இவள் போய் நாலு மாசம்தான் ஆகிறது. வீடு அப்படியே இருக்கிறது, அம்மா இருக்கிறாள். அவளிடம் போய் 'வீடு ஒருநாள் கைவிட்டுப் போகும்' என்று மூன்று மணி நேரம் சொல்லியிருக்கிறேன். நல்ல படம்தான், தப்பான நேரம்.

நேரம் என்றால் நிஜமாகவே கடிகார நேரம். குளிர்காலத்தில் அங்கே ராத்திரி ஒன்பது என்றால் இங்கே விடிகாலை இரண்டரை. அம்மாவைக் கூப்பிட முடியாது. அவளுக்குப் படம் தேவைப்படுவது அந்த நேரத்தில்தான். அப்போது குறைவது கதை இல்லை, பேச்சுச் சத்தம். பவர்டேபிள் இரைச்சலுக்கு மேலே கத்திப் பேசியே பழகிய வீடு அது. அங்கே அறையில் ஹீட்டர் சத்தம் மட்டும்.

அடுத்த தடவை 'சதி லீலாவதி' சொன்னேன். பாலுமகேந்திராவின் 1995 படம், வசனம் கிரேஸி மோகன். கமலும் கோவை சரளாவும் புருஷன் பொண்டாட்டியாக நம்மூர்ப் பேச்சிலேயே சண்டை போடுவார்கள். கொங்குத் தமிழ் சினிமாவில் பெரும்பாலும் பஞ்சாயத்துக் கவுண்டர் வாயில்தான் வரும், தீர்ப்பு மாதிரி. இங்கே அது வீட்டுக்குள் புழங்குகிறது: சந்தேகப்பட, அதட்ட, சமாதானம் பண்ண. சரளா ஒரு வாக்கியத்தை இழுத்து முடிக்கும்போது நம் பெரியம்மாக்களில் ஒருத்தியாவது காதில் வந்துவிடுவாள். ஏக்கத்தைப் பற்றிப் படம் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. அதனாலேயே வேலை செய்கிறது.

குறையும் உண்டு. லீலாவதியின் உடம்பை வைத்து வரும் கிண்டல்கள் இன்றைக்கு நெருடும். தனியாக இருக்கிற பெண்ணுக்கு இன்னும் கூடுதலாகவே நெருடும். அதை முன்கூட்டியே சொல்லிவிட்டேன். ஏற்கனவே வீட்டில் டிவியில் பார்த்த படம் என்பதால் அந்த இடங்களைத் தாண்டிவிடுவது அவளுக்குச் சுலபம். முடிவு தெரியும் என்பதால் பாதியில் நிறுத்தினாலும் நஷ்டமில்லை.

கமல் குடும்பத்தோடு பெங்களூர் போகிற வரைக்கும் பார்த்ததாகச் சொன்னாள். அப்புறம்?

"தூங்கிப்போட்டனுங்க மாமா."