குலெஷோவ் மரபும் ஷாட் வரிசையும்

மஷூகினின் முகம், சூப்புத் தட்டு, சவப்பெட்டி, பொம்மையோடு விளையாடும் சிறுமி. இந்தக் கதையைச் சங்க உறுப்பினர்களுக்குத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த மூலச் சுருள் இன்று கையில் இல்லை. பரவலாகச் சொல்லப்படுவது புதோவ்கின் எழுதிவைத்த விவரிப்புதான். மூலச் சுருள் இல்லை என்பது விழா மேடைகளில் அடிக்கடி விடுபட்டுப் போகிறது.

குலெஷோவின் மாஸ்கோப் பட்டறையில் பயின்றவர்கள் பின்னர் இரு வழியாகப் பிரிந்தார்கள். ஐசன்ஸ்டைன் ஷாட்டுகளை மோதவிட்டார். புதோவ்கின் கோத்துக்கொண்டு போனார். இச்சங்கத்தின் மூத்தவர்கள் பெரும்பாலும் புதோவ்கின் பக்கம். சங்கத்தில் நெடுங்காலம் எடிட்டிங் கற்பித்த ஆசானும் சூப்புத் தட்டைவிடப் புதோவ்கினின் மூன்று துண்டுகளைத்தான் முதலில் கையில் எடுப்பார்.

ஒருவன் சிரிக்கிறான். ஒரு கைத்துப்பாக்கி நீள்கிறது. அதே முகம் அஞ்சுகிறது. இந்த வரிசையில் அவன் கோழை. முதல் துண்டையும் கடைசித் துண்டையும் இடம் மாற்றினால், அஞ்சியவன் துப்பாக்கியைக் கண்டபின் சிரிக்கிறான்; இப்போது அவன் துணிச்சல்காரன். புதிதாக ஒரு பிரேம்கூட எடுக்கவில்லை. நடுத்துண்டைக் காரணமாகவும் கடைசி முகத்தை அதன் விளைவாகவும் பார்ப்பவர் தாமே சேர்த்துக்கொள்வதால் வரும் மாற்றம் இது.

இது கைகூட இரண்டு கட்டுப்பாடுகளை ஆசான் வற்புறுத்துவார். துப்பாக்கி அவன் பார்க்கும் திசையில் இருக்க வேண்டும்; பார்வை தவறினால் இரண்டும் வேறு வேறு இடங்களாகிவிடும். நடுத்துண்டு அளவுக்கு மேல் நீளவும் கூடாது; நீண்டால் முதல் முகம் மறந்துபோய், மாற்றம் மாற்றமாகவே தெரியாது.

இந்த விளைவுக்கு எல்லையும் உண்டு. 1992-ல் ஸ்டீபன் பிரின்ஸ், வெய்ன் ஹென்ஸ்லி இருவரும் மஷூகின் சோதனையை மறுபடி செய்தபோது, பார்த்தவர்களில் பெரும்பாலோர் நடிகர் முகத்தில் உணர்ச்சி எதுவும் இல்லை என்றே சொன்னார்கள். பார்வைத் திசையைப் பொருத்தி அமைத்த 2016-ஆம் ஆண்டு ஆய்வில் விளைவு ஓரளவு தென்பட்டது. எந்த முகத்தை எதனோடு ஒட்டினாலும் பொருள் பிறக்கும் என்று இதற்கு அர்த்தமில்லை.

இன்று சிலர், யாரையும் குறிப்பிட்டுச் சொல்வதற்கில்லை, திறமையில் குறைந்தவர்களும் அல்லர், வரிசையால் பொருள் பெறும் வேலையை முகத்துக்குத் தருவதே இல்லை. நடிகர் முன்கூட்டியே அழுதுவிடுகிறார். அழுகை போதாதென்று வயலின் ஏறுகிறது. வயலினும் போதாதென்று நான்கு பேரின் ரியாக்ஷன் ஷாட்டுகள் வரிசைகட்டுகின்றன. இவற்றில் எந்தத் துண்டை முன்பின்னாக மாற்றினாலும் காட்சி அப்படியே இருக்கிறது. வரிசைக்கு அங்கே மதிப்பே இல்லை. நூறாண்டுக்கு முன், படச்சுருளுக்கே பஞ்சமான மாஸ்கோவில் கண்டடைந்த ஒழுக்கம், நினைவட்டை நிறையப் படம் பிடிக்க முடிகிற காலத்தில் கைவிடப்படுவது சகிக்க முடியாதது. எடிட்டர் என்று பெயர் போட்டுக்கொள்பவர் துண்டுகளின் இடத்தை ஒருமுறைகூட மாற்றிப் பார்க்காமல் படத்தை அனுப்பிவிடுவது தொழிலுக்கே இழுக்கு.

சங்கத்தின் அடுத்த பட்டறையில் ஆசானின் மூன்று துண்டுப் பயிற்சி, பின்னணி இசை இல்லாமல், முதல் நாளிலேயே நடக்க மூத்தவர்கள் ஆவன செய்ய வேண்டும்.