நேரக்குறியைக் கடைசியில் கழியுங்கள்

சப்டைட்டில் கோப்பிலிருந்து பேச்சை மட்டும் பிரித்தெடுக்கப் பலரும் இந்த ஒற்றை வரிக் கட்டளையைத்தான் கைமாற்றிக்கொள்கிறார்கள்.

```
sed -e 's/\r$//' -e '/-->/d' -e '/^[0-9]*$/d' a.srt
```

விண்டோஸில் உருவான கோப்புகளின் வரி முடிவில் ஒட்டியிருக்கும் குறியை இது முதலில் நீக்குகிறது. பிறகு அம்புக்குறி உள்ள நேர வரிகளையும், எண் மட்டுமே உள்ள வரிகளையும், வெற்று வரிகளையும் அழிக்கிறது. நானும் நெடுநாள் இதைத்தான் பயன்படுத்தினேன். சுருக்கம் எழுதுவதற்கு முன் செய்யும் வேலைக்கு இது போதுமா என்பதே என் கேள்வி. ஒரு சங்கத்தின் மூத்த உறுப்பினரிடம் எடுத்த நேர்காணலின் மூன்று துண்டுகளை வைத்து அதைச் சோதிப்போம்.

```
41
00:03:10,200 --> 00:03:12,900
சங்கம் தொடங்கிய ஆண்டு

42
00:03:13,000 --> 00:03:14,100
1952

43
00:03:19,600 --> 00:03:22,000
- அப்போது ஊரில் இருந்தீர்களா?
- இல்லை.
```

கட்டளையை ஓட்டினால் 1952 காணாமல் போகிறது. துண்டின் வரிசை எண்ணுக்கும் பேசியவர் சொன்ன எண்ணுக்கும் அந்தக் கட்டளைக்கு வேறுபாடு தெரியாது. சுருக்கம் எழுதுபவருக்குக் கிடைப்பது "சங்கம் தொடங்கிய ஆண்டு" என்ற அரைகுறைத் தொடர்தான். இந்தப் பிழையின் கொடுமை, அது தடயமே விடாமல் நிகழ்வது. வெளிவந்த உரையைப் படிப்பவர், பேசியவர் ஆண்டைச் சொல்லவில்லை என்றே நினைப்பார்.

அடுத்தது 43ஆம் துண்டு. வரித் தொடக்கத்தில் உள்ள சிறுகோடு, பேசுபவர் மாறிவிட்டார் என்பதன் அடையாளம். வரிகளை ஒட்டும்போது அதையும் குப்பையென்று துடைத்தால், "இருந்தீர்களா? இல்லை." என்று ஒருவரே கேட்டு அவரே பதில் சொன்னதாகிவிடும். 42க்கும் 43க்கும் நடுவே 5.5 விநாடி மௌனம் இருக்கிறது. பேச்சு அங்கே திரும்பியிருக்கலாம் என்பதற்கு அதுவே சான்று. நிறுத்தக்குறியே இல்லாத தானியங்கி சப்டைட்டிலில் பத்தி பிரிக்க வேறு பிடிமானமும் கிடையாது.

இன்னும் பெரிய சிக்கல் யூடியூபின் தானியங்கி சப்டைட்டிலை VTT வடிவில் இறக்கும்போது வருகிறது. திரையில் வரிகள் மேலே நகர்வதுபோலத் தோன்ற, ஒவ்வொரு வரியும் முதலில் கீழ் வரியாகவும், பிறகு 0.01 விநாடியே நீடிக்கும் ஒரு துண்டிலும், அதன்பின் அடுத்த துண்டின் மேல் வரியாகவும் வருகிறது. அதாவது ஒரே பேச்சு மூன்று முறை. அடுத்தடுத்து ஒரேபோல் இருக்கும் வரிகளை நீக்கினால் சரியாகிவிடும் என்பது வழக்கமான பதில். ஆனால் ஒருவர் உண்மையிலேயே "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, அடுத்த வரியில் மறுபடியும் "வேண்டாம்" என்றால் இரண்டாவது மறுப்பு அழிந்துவிடும். துண்டின் அமைப்பு கையில் இருந்தால் விதி எளிது: 0.01 விநாடித் துண்டுகளை விடுங்கள், மற்றவற்றில் கடைசி வரியை மட்டும் எடுங்கள். உண்மையான இரட்டிப்பு அப்படியே தப்பும். நேரக்குறியை முதலிலேயே அழித்தவருக்கு இந்த வழி அடைபட்டுவிடுகிறது.

ஆகவே என் தீர்ப்பு அந்தக் கட்டளைக்கு எதிரானது. நேரக்குறி இரண்டு வேலைகளைச் செய்துவிட்டுத்தான் வெளியேற வேண்டும்: மீண்டும் வந்த வரிகளைக் கழிக்க வேண்டும், இடைவெளியைக் கொண்டு பத்தி பிரிக்க வேண்டும். அதன்பின் பைதானில் இந்தச் சில வரிகள் போதும்.

```
import re
t = open("a.srt", encoding="utf-8-sig").read()
t = re.sub(r"(?m)^(?:\d+[ \t]*\n)?.*-->.*\n", "", t)
```

உடனடியாக அடுத்த வரியில் நேரம் இருந்தால் மட்டுமே எண்ணை இது நீக்குகிறது. 1952க்கு அடுத்து வருவது வெற்று வரி, அதனால் ஆண்டு பிழைக்கிறது. `utf-8-sig` என்று கொடுப்பது, கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும் குறியை நீக்க. அது இருந்தால் முதல் துண்டின் "1" மட்டும் உரையில் தங்கிவிடும். பிறகு துண்டின் உள்ளே உடைந்த வரிகளை ஓர் இடைவெளியால் ஒட்டலாம், சிறுகோட்டில் தொடங்கும் வரியை மட்டும் தனியாக விட வேண்டும்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. நான் 2 விநாடிக்கு மேற்பட்ட இடைவெளியில் பத்தி உடைக்கிறேன். ஆனால் படிக்க வசதியாக இருக்கட்டும் என்று சப்டைட்டில் எழுதுபவர் ஒரு வரியை அடுத்த வரி வரும்வரை திரையில் நிறுத்திவைப்பதுண்டு. அத்தகைய கோப்பில் இடைவெளிகள் எல்லாம் சுழியாகத் தெரியும், மௌனம் மறைந்துபோகும். அங்கே பத்திகளைக் காதால் கேட்டுத்தான் பிரிக்க வேண்டும்.

ஒருவர் மட்டுமே பேசி, கையால் எழுதப்பட்டு, எண்கள் தனி வரியில் வராத உரைக்கு அந்த `sed` கட்டளை போதும். அதற்கும் முன் கோப்பில் எத்தனை அம்புக்குறி வரிகள், எத்தனை எண் வரிகள் என்று எண்ணிப் பாருங்கள். எண் வரிகள் ஒன்று கூடுதலாக இருந்தாலும், யாரோ ஓர் எண்ணைச் சொல்லியிருக்கக்கூடும்.