கூப்பன் கதை எங்கே நின்றுவிடுகிறது?

பணவீக்கம் பற்றி நீளமாக எழுத உட்கார்ந்தால் உவமை இல்லாமல் நகர முடியாது. அந்தச் சொல்லே ஓர் உவமைதானே! எடுத்த உவமை எந்த இடத்தில் கைவிடும் என்பது எழுதுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

பால் க்ருக்மன் பிரபலமாக்கிய கதையையே எடுத்துக்கொள்வோம். 1970களில் வாஷிங்டனில் சுமார் 150 தம்பதிகள் ஒருவர் குழந்தையை மற்றவர் மாறி மாறிப் பார்த்துக்கொள்ள ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். ஒரு கூப்பன் கொடுத்தால் அரை மணி நேரம் பார்த்துக்கொள்வார்கள். புழக்கத்தில் கூப்பன் குறைந்ததும் ஆளாளுக்குச் சேர்த்து வைக்க ஆரம்பித்தார்கள். யாரும் வெளியே போகாததால் யாருக்கும் கூப்பன் சம்பாதிக்க வழியில்லை. கூடுதலாகக் கூப்பன் விட்டதும் நிலைமை சரியானது. மந்தநிலையை விளக்க இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது.

ஆனால் பணவீக்கத்துக்கு இதை அப்படியே நீட்டினால் இடிக்கும். பிறகு கூப்பன் அளவுக்கு மீறியபோது எல்லோருக்கும் வெளியே போக ஆசை, குழந்தையைப் பார்க்கத்தான் ஆளில்லை. இது தட்டுப்பாடு. விலை ஏறவே இல்லை, ஏனென்றால் ஒரு கூப்பனுக்கு அரை மணி என்பது மாறாத விதி. "இதுதான் பணவீக்கம்" என்று இங்கே எழுதினால் வாசகர் குழம்பத்தான் செய்வார்.

இதற்காகப் புது உவமை தேட வேண்டாம். அந்த ஒரு விதியை மட்டும் கற்பனையில் தளர்த்தினால் போதும். சனிக்கிழமை இரவு ஆள் கிடைக்காத ஒருவர் அரை மணிக்கு இரண்டு கூப்பன் தருகிறேன் என்கிறார். விலை ஏறிவிட்டது. அடுத்து, ஒரு வாரம் பாதிப் பேர் காய்ச்சலில் படுத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். புதிதாக ஒரு கூப்பன்கூட வராமலே விலை ஏறும். மழையில் வெங்காயம் அழுகி விலை ஏறுகிற கதையும் இதுதான். கட்டுரையின் மூன்று பகுதிகள் ஒரே கதையிலிருந்து கிடைத்துவிட்டன.

கதை உண்மையில் நின்றுபோகும் இடம் வேறு: விலை வேறு, விலை ஏறும் வேகம் வேறு. 100 ரூபாய்ப் பொருள் அடுத்த வருடம் 110, அதற்கடுத்த வருடம் 115. பணவீக்கம் 10 சதவீதத்திலிருந்து சுமார் 4.5 ஆகிவிட்டது. ஆனால் பொருள் மலிவாகவில்லை. இங்கே கதையை விட்டுவிட்டுப் படம் போட வேண்டும். பலரும் போடும் பலூன் படம் உதவாது, காற்று இறங்கினால் பலூன் சுருங்கிவிடும். மாடிப்படி வரையலாம். இரண்டாவது படியின் உயரம் குறைவு, ஆனால் நாம் இன்னும் மேலேதான் ஏறியிருக்கிறோம்.

நம்ம சொல்லிலும் அதே சிக்கல் இருக்கிறது. வீக்கம் வடிந்தால் உடம்பு பழையபடி ஆகிவிடும். பணவீக்கம் வடிந்தாலும் விலை பழையபடி ஆகாது. தமிழில் எழுதுபவர் இதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுவது நல்லது.